ஆயா பாட்டில் அக்காவுக்கு ஒரு வரி

சாவு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து சேருகிறதுக்கு முன்னால் என் லாரி போய் நிற்கும். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, டீ டிரம், எல்லாம் நம்முடையதுதான். கல்யாணத்துக்கும் அதே நாற்காலிதான், துணி உறை மட்டும் மாறும். தி.நகரில் பெரிய பெரிய கடைகள் திறந்தபோது வாசலில் போட்ட பந்தல் நான் போட்டது. ஆழ்வார்பேட்டையில் காரை விட்டு இறங்காத மனுஷர்கள்கூட நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துதான் துக்கம் கேட்டிருக்கிறார்கள். படிப்பு அஞ்சாம் வகுப்பு. மூங்கில் கழி தூக்கி ஆரம்பித்தவன், அசோக் நகரில் மாடி வீடு கட்டி நிற்கிறேன். ஒருத்தன் காலில் விழுந்து வாங்கினது ஒன்றும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஏனென்றால், என்னால் முடியாது என்று ஒரு காரியத்தை நான் விட்டது கிடையாது. அக்கா கேட்டது ஒரு பாட்டு. பாட்டுத்தானே என்று நினைத்தேன்.

நாங்கள் அடையாற்றங்கரையில் குடிசையில் பிறந்தவர்கள். அம்மா சித்தாள் வேலைக்குப் போனவள், மஞ்சக்காமாலையில் போய்விட்டாள். அப்போது நான் தவழ்கிற பிள்ளை. அக்காவுக்கு ஏழெட்டு வயசு இருக்கும். அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அப்பன் அதற்கு முன்னாலேயே எங்கேயோ போய்விட்டவன். எங்களை வளர்த்தது அம்மாவைப் பெற்ற ஆயா.

ஆற்றங்கரையில் எந்தக் குடிசையில் சாவு விழுந்தாலும் ஆயாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்தால்தான் ஒப்பாரி களைகட்டும். பெண்கள் தோளில் தோள் போட்டு வட்டமாய் நிற்க, நடுவில் பிணம், ஆயா எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் மாரடித்து வாங்கிப் பாடுவார்கள். அவளுடைய மகள் செத்த அன்றைக்கும் அவள்தான் பாடினாள். வேறு யாரைக் கூப்பிடுகிறது?

ஆயாவும் போய் எத்தனையோ காலம் ஆகிறது. குடிசைகளை எடுத்தபோது அக்காவுக்கு ஊருக்கு வெளியே அடுக்கு வீடு கொடுத்தார்கள். பிள்ளை இல்லை, புருஷனும் தவறிவிட்டார். அங்கிருந்து பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போவாள். "என் வூட்ல வந்து மவராசியா உக்காரு" என்றால் கேட்கமாட்டாள். நுரையீரல் கெட்டு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் நான் வண்டி வைத்துத் தூக்கிவந்தேன். கீழ் ரூமில் கட்டில், மூக்கில் குழாய், பக்கத்தில் காற்று கொடுக்கிற மிஷின். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று என் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியாதா?

அக்காவுக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"எனுக்கு இன்னாடா ஏற்பாடு பண்ணப் போற?"

"வாய மூடு."

"ஊருக்கெல்லாம் பண்ற. எனுக்கு சொல்ல மாட்டியா?"

"நல்ல கானா பார்ட்டி சொல்லி ராத்திரி பூரா பாட வெக்கறேன், போதுமா? கீபோர்டு, மைக்கு, எல்லாம்."

"கானா பசங்களுக்கு என்னப் பத்தி இன்னாடா தெரியும்? போஸ்டர்ல கீறத படிச்சிட்டுப் போவானுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆயா அம்மாளுக்குப் பாடிச்சே, அத்த கேக்கணும் நானு."

"நீ போனப்புறம் பாடினா உனுக்கு இன்னா கேக்கப் போவுது?"

"அதுக்குத்தாண்டா முன்னயே கேக்கறேன்."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பாட்டில் எனக்கு ஒரு வரி உண்டாம். அம்மா தன் சேலையில் பாதியைக் கிழித்து எனக்குத் தூளி கட்டியதை ஆயா பாடினாளாம். அந்த வரி அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் ஒரு வரி இருந்தது. அது மட்டும் ஞாபகம் இல்லை.

"இருந்திச்சின்னு எப்டி சொல்ற?"

"நான் மூங்கி கம்பத்தப் புடிச்சிகினு நின்னுகினு இருந்தேன். ஆயா ஒரு வரி பாடிச்சி. பாடினதும் வட்டத்துல இருந்த பொம்பளைங்க எல்லாரும் திரும்பி என்னியப் பாத்தாங்க. முந்தானையால வாயப் பொத்திகினாங்க. இன்னா பாடிச்சின்னு தெரியலடா. அத்தினி பேரு பாத்ததும் எனுக்கு பயம். பாட்டு காதுல ஏறல." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். "அம்மான்னா எனுக்கு ஒரு அடிதான் ஞாபகத்துக்கு வருது. தண்ணிக் கொடத்த ஒடச்சிட்டேன்னு அடிச்ச அடி. உனுக்கு தூளி. எனுக்கு இன்னா குடுத்தா? ஆயா சொல்லிச்சி. நான் உட்டுட்டேன்."

இதுதான் விஷயம். சாகிறதுக்கு முன்னால் அவளுக்கு அந்த ஒரு வரி வேண்டும்.

பாட்டைத் தேடுகிறது பந்தல் கட்டுகிற மாதிரி இல்லை. முதல் தடங்கல் என் வீட்டிலேயே. நாங்கள் பேசுகிறதைக் கேட்டு என் பெண்டாட்டி ஓடி வந்தாள்.

"உசுரோட ஆளு படுத்துகினு கீற ஊட்ல ஒப்பாரியா? நல்லா கீது. அண்ணி, அவருக்குத்தான் புத்தி இல்ல, உங்களுக்குமா?"

"பாட மாட்டேன்டி. வாயால சொல்றேன், அவ்ளோதான்."

அக்காவும் அதில் கண்டிப்புத்தான். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை ராகம் போட்டுப் பாடினால் அது சாவைக் கூப்பிடுகிற மாதிரி. கரையில் ஒருத்தரும் அதை மீறினதில்லை. ஆனால் பாருங்க, பேச்சாகச் சொன்னால் வரி வரமாட்டேன் என்கிறது. ராகத்தோடு நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடினால் ஒன்றைப் பிடித்து இன்னொன்று வரும். வெறும் வாயால் சொல்லச் சொன்னால் இரண்டு வார்த்தையில் நின்றுவிடும். அங்கொரு துண்டு, இங்கொரு துண்டு. ஆயா பல்லு விளக்கும்போது முணுமுணுத்தது, யாரோ செத்தபோது பாடினது, எல்லாம் கலந்து கிடந்தது.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ராகத்தை விட்டுவிட்டு, கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினாள். ஒரு வரிக்கு நாலு அடி. மாரில் விழுகிற அடி நாலு. ஒரு துண்டைச் சொல்லித் தட்டுவாள். மூன்று அடியில் முடிந்துவிட்டால் நடுவில் ஏதோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். நாலு அடிக்கு மேல் போனால் வேறு பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

எது முன்னால், எது பின்னால் என்கிறதுக்கு நான் வழி சொன்னேன். சாவு வீட்டில் என்ன நடக்கும்? தண்ணி எடுத்து வருவார்கள், குளிப்பாட்டுவார்கள், கோடித்துணி போடுவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், தூக்குவார்கள். இது எனக்குத் தலைகீழாய்த் தெரியும். பாட்டும் அந்த வரிசையில்தான் போகும், ஏனென்றால் நடக்கிறதைப் பார்த்துக்கொண்டே பாடுகிற பாட்டு. அப்படி வைத்ததும் அக்காவின் துண்டுகள் தானாகப் போய் உட்கார்ந்தன. என் மூளைக்கு எழுத்துத்தான் ஏறவில்லை, மற்றதெல்லாம் ஏறும்.

தண்ணிக்கு முழுசாகக் கிடைத்தது.

*தங்கக் கொடமெடுத்து தண்ணிக்குப் போவாங்க*
*தகரக் கொடமெடுத்து தவிச்சியே எம் மவளே*

இந்த இரண்டு வரியில்தான் ஆயாவின் தொழில் முழுக்க இருக்கிறது. முதல் வரி தங்கம், முத்து, பட்டு. எந்தப் பிணத்துக்கும் பாடலாம், பொய் என்று எல்லாருக்கும் தெரியும், மரியாதைக்குப் பாடுகிறது. இரண்டாவது வரி நிஜம். செத்தவள் எப்படி வாழ்ந்தாளோ அது. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும், தங்கத்துக்குத் தகரம் என்கிற மாதிரி. அதனால் பொய் வரி தொலைந்தால் பாதகமில்லை, நாலு சாவு வீட்டில் நின்றால் கிடைத்துவிடும். நிஜ வரி தொலைந்தால் எங்கேயும் வாங்க முடியாது.

குளிப்பாட்டுகிறதுக்கு அக்காவிடம் இரண்டாவது வரி மட்டும் இருந்தது. *சாக்கடை ஓரத்துல தலமுழுகிப் போனியே.* முதல் வரி இல்லை. நான் விடுவேனா? லாரியோடு நானே போக ஆரம்பித்தேன். என் ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள், முதலாளி நாற்காலி எண்ண வந்துவிட்டார் என்று. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இப்போது ஒப்பாரி வைக்கிற வீடு குறைவு. மயிலாப்பூர்த் தெருக்களில் சில வீட்டில் சத்தமே வராது, விசும்பல்தான். கடைசியில் தி.நகரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பூக்காரம்மா ஒருத்தி செத்த வீட்டில், "சந்தனக் கெணத்துல தலமுழுக வேணுமின்னேன்" என்று ஒரு பெண் எடுத்தாள். நாலு அடி. 'ச'வில் ஆரம்பம். ஓடி வந்து சொன்னேன்.

அக்கா விரலால் தட்டிப் பார்த்தாள். "சந்தனம் சரி. கெணறா கொளமான்னு தெரியல. ரெண்டும் ஒரே அளவுதான்."

"கெணறுன்னே வெச்சிக்கலாம்."

"வெச்சிக்க. ஆனா வாங்கினதுன்னு சொல்லி வெச்சிக்க. ஆயா பாடிச்சின்னு சொல்லாத."

அன்றையிலிருந்து அதுவே சட்டம். நினைப்பிலிருந்து வந்தது, வெளியே வாங்கினது என்று இரண்டு பிரிவு. நான் எத்தனையோ வீட்டிலிருந்து நல்ல நல்ல வரிகள் கொண்டுவந்தேன். கேட்டாலே கண்ணில் தண்ணி வரும். அவள் உதட்டைப் பிதுக்குவாள். "நல்லாத்தான் கீது. இது வேற ஊட்டு அம்மா. நம்ம அம்மா இல்ல."

கோடித்துணிக்கு என் தூளி வரி. *பட்டாலே கோடி வந்து பந்தலிலே காத்திருக்கு, பாதிச் சேல நீ கிழிச்சு பையனுக்குத் தூளி போட்ட.* அதை அக்கா சொல்லும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்தது வாய்க்கரிசி. முதல் வரி இருந்தது. *முத்தரிசி அள்ளி வந்து முன்ன நின்னு போடுறாங்க.* அடுத்த வரி காலி. மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது, பெண்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தது இந்த வரிக்காகத்தான் இருக்கும். ஆக, அக்காவின் வரி 'மு'வில் ஆரம்பிக்கிற நாலு அடி. அளவு தெரியும், இடம் தெரியும், ஆள் உட்காரவில்லை.

ஆயாவோடு வட்டத்தில் நின்றவர்கள் யார் இருக்கிறார்கள் என்று தேடினேன். ஆற்றங்கரைச் சனம் திசைக்கொன்றாய்ப் போய்விட்டது. பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்துக் குப்பத்தில் ஒரு மீன்காரப் பெரியம்மா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். புதுசாகக் கல்யாணமாகி வந்த நாளில், எங்கள் கரைப்பக்கம் கூடை தூக்கி வந்து விற்றவளாம். எண்பதைத் தாண்டியவள். மகளுடைய மீன் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள். நான் காரில் போய் இறங்கினதும், "வஞ்சிரம் வேணுமா, சார்?" என்றாள். ஆயா பெயரைச் சொன்னதும் குரல் மாறியது.

"அடையாத்துக் கெழவி பேரனாடா நீ? தூளியில பீ பேண்டுகினு கெடந்த புள்ள?"

"அந்தப் புள்ளதான் பெரிம்மா."

"தொப்பையப் பாரு."

அவள் ஆயாவோடு எத்தனையோ சாவில் நின்றவள். ஆனால் எடுத்துக் கொடுத்தவள் இல்லை, வாங்கிப் பாடினவள். "உங்க ஆயா வாயப் பாத்துகினே பாடுவோம். அது வாய் போன எடத்துக்கு எங்க வாயும் போவும். இப்ப திடீர்னு கேட்டா எங்கேந்து வரும், நைனா?" என்றாள். சொல்லச் சொன்னால் வரவில்லை. வீட்டில் பாடமாட்டாள். கடலோரம் என்றால் பாதகமில்லை, அங்கே வீடு இல்லையே என்றாள்.

அக்காவைக் காரில் முன் சீட்டில் உட்கார வைத்து, சின்ன சிலிண்டரோடு கூட்டிப்போனேன். சாயங்காலம். படகுகள் ஏற்றிப் போட்டிருக்கிற மூலையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். பெரியம்மா வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா மூஞ்சி அப்டியே கீதுடி உனுக்கு."

"நெசமாவா பெரிம்மா?"

"இந்தத் தாடை அவளுதுதான்."

அக்கா தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவள் யாரிடமும் எதையும் வாங்கினவள் இல்லை. அன்றைக்கு அந்தத் தாடையை வாங்கிக்கொண்டாள்.

பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். ராகம் உச்சியில் ஏறி நின்று, படிப்படியாக இறங்கி, கடைசியில் மூச்சாய்க் கரைந்தது. நான் தொட்டிலில் கேட்டதாக இருக்க வேண்டும், என் உடம்பு அதை அறிந்துகொண்டது. தங்கக் கொடம் வந்தது. சந்தன வரி அவளுக்கும் வரவில்லை, நான் எடுத்துக் கொடுத்ததும் சாக்கடை வந்தது. ஐஸ்கிரீமோடு போன ஒரு ஜோடி நின்று பார்த்தது.

"இன்னா பாக்குற? கையில ஐஸ் உருகி ஊத்துது பாரு, துன்னுகினே போ" என்று பாட்டுக்கு நடுவிலேயே விரட்டினாள்.

தூளி வந்தது. முத்தரிசி வந்தது. அங்கே நின்றுவிட்டாள். நாலு அடி அடித்தாள், வாய் திறந்தபடி இருந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி தண்ணியிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அங்கேயே நின்றாள்.

"வரலடி. நடுவுல பொணம் இல்ல, சுத்திப் பொம்பளைங்க இல்ல. வெறும் காத்துல எப்டி வரும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு நான் ஒரு வரி கட்டிக் கொடுக்கமாட்டேனா? இரண்டு நாளாகவே மனசில் ஒன்று வைத்திருந்தேன். எழுந்து நின்று சொன்னேன்: "மூணுபடி அரிசி போட்டு ஊருக்கே பொங்கினியே." 'மு'வுக்கு 'மூ'. நாலு அடி. நெஞ்சில் அடித்தும் காட்டினேன்.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் படகு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "மூணு படி அரிசிய உங்கம்மா கண்ணால பாத்திருப்பாளாடா? ஊருக்குப் பொங்கினாளாம். அது நீ பந்தல் போடற ஊட்ல."

அக்கா சிரிக்கவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "நல்லா கட்டற. ஆனா இத்தக் கேட்டு யாரும் என்னியத் திரும்பிப் பாக்க மாட்டாங்கடா." பெரியம்மா காதில் விழாதபடி இன்னும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பொம்பளைங்க அன்னிக்கு என்னியப் பாத்தத பெரிம்மாகிட்ட சொல்லிடாத. சொன்னா அத்துக்கு ஏத்தாப்புல ஒண்ணு வந்துடும். அது வாயி அப்டி. எனுக்கு ஆறுதல் வேணாம், அந்த வரி வேணும்."

பெண்கள் பார்த்ததைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காலியான இடத்தைக் காலியாகவே வைத்திருந்தோம். பாட்டைச் சொல்லிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் அக்கா பேசாமல் சட்டத்தில் நாலு தட்டு மட்டும் தட்டுவாள். அப்புறம் தூக்குகிற வரிக்குப் போவாள்.

அடுத்த மாசத்தில் பேச்சும் குறைந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல் சட்டத்தின் மேல் இருந்தது. "பெரிம்மாவுக்கு வந்துச்சாடா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா. வந்துடும்."

"சரி" என்றாள். மறுநாள் விடிகிற நேரத்தில் போய்விட்டாள். மிஷினை என் பெண்டாட்டிதான் நிறுத்தினாள். அது நின்ற பிறகு அந்த ரூமில் இருந்த அமைதியை நான் எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருந்தும் பார்த்ததில்லை.

பந்தல் என் ஆட்களை விட்டுக் கட்டச் சொல்லவில்லை. நானே ஏறிக் கட்டினேன், இந்த வயசில். பெசன்ட் நகருக்கு வண்டி அனுப்பினேன். பெரியம்மா குப்பத்துப் பெண்கள் நாலு பேரோடு வந்து இறங்கினாள். அடுக்கு வீட்டிலிருந்து அக்காவோடு வேலைக்குப் போன பெண்களும் வந்திருந்தார்கள். ஒப்பாரி கூடாது என்று தடுத்த என் பெண்டாட்டி முதல் ஆளாகத் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வட்டத்தில் போய் நின்றாள். இப்போது வீட்டில் சாவு விழுந்துவிட்டதே, இனி என்ன தடை?

பெரியம்மா எடுத்தாள். தங்கக் கொடம் என்று ஆரம்பித்தாள். அடுத்த வரி தகரக் கொடம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

*தட்டு கழுவி தேஞ்ச கையி தனியாப் போவுதே*

அக்காவுக்குப் பாடினாள். அதுதானே முறை. பொய் வரி எல்லாருக்கும் ஒன்று, நிஜ வரி கிடக்கிறவளுக்கு. இவள் பிணத்துக்கு அம்மாவின் தகரக் கொடம் எதற்கு? பாத்திரம் தேய்க்கிற பெண்கள் அந்த வரியைக் கேட்டதும் தங்கள் கையைப் பார்த்துக் கத்தினார்கள். குளிப்பாட்டினார்கள். சந்தனக் கெணறு வந்தது, நான் வாங்கிக் கொடுத்த வரி. கோடி போட்டார்கள்.

வாய்க்கரிசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். முறத்திலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு தலைமாட்டில் நின்றேன். பெண்கள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா கண்ணை மூடியிருந்தாள்.

*முத்தரிசி அள்ளி வந்து முன்ன நின்னு போடுறாங்க*

நாலு அடி விழுந்தது. அக்காவுக்குச் சேருகிற மாதிரி ஏதோ பாடத்தான் வாயைத் திறந்திருப்பாள். வந்தது வேறு.

*முந்தியிலே முடிஞ்ச சோத்த மூத்தவளுக்கு ஊட்டினியே*

வாங்கிப் பாட வேண்டிய பெண்கள் தடுமாறினார்கள். கிடக்கிறவளுக்குப் பிள்ளையே இல்லை, மூத்தவள் எங்கே, ஊட்டினது யார்? பெரியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டேய். இது இவளுக்கு இல்லடா. உங்கம்மாளுக்குக் கெழவி பாடினது."

சித்தாள் வேலைக்குப் போகிற இடத்தில் மத்தியானம் சோறு போடுவார்கள். அம்மா அதைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அக்காவுக்கு ஊட்டியிருக்கிறாள். கரையில் எல்லாப் பெண்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பெண்கள் பார்த்ததை நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அது ஏற்றாற்போல வந்த வரி இல்லை. நாலு அடி, 'மு'வுக்கு 'மு', இடம் சரி, ஆள் சரி. வந்தது, வாங்கினது இல்லை.

"அரிசியப் போடுப்பா, நேரமாவுது" என்று யாரோ சொன்னார்கள்.

குனிந்து அக்கா காதுகிட்டே அந்த வரியைச் சொன்னேன். பாடத் தெரியாது எனக்கு, பேச்சாகத்தான் சொன்னேன். சாரம் மேல் நிற்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை, நினைத்ததைவிட சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் கேட்டார்கள். அப்புறம் அரிசியைப் போட்டேன். கைப்பிடியில் பாதிக்கு மேல் கழுத்தில் சிந்திவிட்டது, என் பெண்டாட்டி பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள்.

காரியம் முடிந்த பிறகு குப்பத்துக்குப் போய்ப் பெரியம்மாவிடம் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ராகத்தோடு என் காதில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று.

"சும்மா எப்டிடா வரும்?" என்றாள். "யாராச்சும் செத்தா சொல்லி அனுப்பு."

பாட்டு இப்போது என்னிடம் முழுசாக இருக்கிறது. எங்கே கேட்டாலும் சொல்வேன், எந்த வரி ஆயா பாடினது, எது தி.நகரில் வாங்கினது, கெணறா கொளமா என்று தெரியாதது எது என்று பிரித்தே சொல்வேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வாய்க்கரிசி வரியை மட்டும் சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிறுத்துவேன். ஒவ்வொரு வரிக்கும் தட்டிப் பார்த்துவிட்டு ஆமாம், இல்லை என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். இந்த வரிக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.